குனிந்தால் விரல் தரையைத் தொடாதது ஏன்?

முழங்காலை மடக்காமல் குனிந்து தரையைத் தொடச் சொன்னால், பலருக்கு விரல்கள் கணுக்காலுக்குச் சற்று மேலேயே நின்றுவிடும். தொடையின் பின்பக்கம் இழுத்துப் பிடிக்கும். அதற்கு மேல் உடம்பு இறங்க மறுக்கும். "உட்கார்ந்தே வேலை பார்த்து தசையெல்லாம் சுருங்கிப்போச்சு" என்பார்கள். ஒன்றிரண்டு மாதம் யோகாசனம் பழகியபின் விரல் தரையை எட்டிவிட்டால், தசை நீண்டுவிட்டதாகச் சந்தோஷப்படுவார்கள். விரல் எட்டியது உண்மை. தசை நீண்டது என்பதைத்தான் ஆய்வாளர்கள் 1990களிலிருந்து அளந்து பார்த்து வருகிறார்கள். சில வாரப் பயிற்சியில் தசையின் நீளமும் விறைப்பும் பெரும்பாலும் அப்படியேதான் இருக்கின்றன. மாறியிருப்பது, எவ்வளவு இழுப்புவரை நரம்பு மண்டலம் பொறுத்துக்கொள்கிறது என்பது. இந்த முடிவு எப்படிக் கிடைத்தது என்று தெரிந்துகொண்டால், நம் உடம்பு எங்கே நிற்கிறது, ஏன் நிற்கிறது என்பதை நாமே ஓரளவு சோதித்துப் பார்க்கலாம்.

தொடையின் பின்பக்கத் தசைகளையே எடுத்துக்கொள்வோம். விளையாட்டு வீரர்களும் பிசியோதெரபிஸ்டுகளும் இவற்றை ஹாம்ஸ்ட்ரிங் என்கிறார்கள். மொத்தம் மூன்று தசைகள். நாற்காலியில் உட்காரும்போது நம் எடையைத் தாங்குகிற எலும்பு முனை ஒன்று பிட்டத்துக்குள் இருக்கிறதல்லவா, அங்கே தொடங்கி, தொடை நெடுகிலும் இறங்கி, முழங்காலைத் தாண்டிக் காலெலும்புகளில் போய் ஒட்டுகின்றன. இடுப்பு, முழங்கால் என இரண்டு மூட்டுகளைக் கடக்கின்றன. அதனால்தான் முழங்காலை நேராக வைத்துக்கொண்டு இடுப்பில் குனியும்போது இரண்டு முனையிலிருந்தும் ஒரே நேரத்தில் இழுபடுகின்றன. முழங்காலைக் கொஞ்சம் மடக்கினால் உடனே சுலபமாகக் குனிய முடிவதும் இதனால்தான்.

இந்தத் தசை எவ்வளவு இடம் கொடுக்கிறது என்பதை மருத்துவமனைகளில் அளக்கும் முறை எளிமையானது. மல்லாந்து படுக்கவைத்து, முழங்காலை மடக்காமல் காலைத் தூக்குவார்கள். "போதும், இழுக்குது" என்று சொல்லும் இடத்தில் கோணமானியை வைத்துப் பார்ப்பார்கள். முதல் நாள் 60 டிகிரி, ஒரு மாதப் பயிற்சிக்குப் பின் 70 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். 10 டிகிரி கூடிவிட்டது. ஆனால் இந்த எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு தசைக்கு என்ன ஆயிற்று என்று சொல்லவே முடியாது.

ஒரு ரப்பர் நாடாவில் 1 கிலோ எடையைத் தொங்கவிட்டால் ஒரு விரற்கடை நீள்கிறது. நாளைக்கு இரண்டு விரற்கடை நீண்டால் அதற்குக் காரணம் இரண்டில் ஒன்றாக இருக்கலாம். அதே எடைக்கு அது அதிகம் நீண்டிருந்தால் ரப்பர் மாறிவிட்டது. அதிக எடையைத் தொங்கவிட்டதால் நீண்டிருந்தால் ரப்பர் பழைய ரப்பர்தான். காலைத் தூக்கும் சோதனையில் எவ்வளவு விசையோடு தூக்கினோம் என்பதை யாரும் குறித்து வைப்பதில்லை. "போதும்" என்று சொல்வது படுத்திருப்பவர். அவர் சொல்லும் இடம் நேற்றைவிட இன்று தள்ளிப் போயிருந்தால், தசை தளர்ந்ததாலும் இருக்கலாம். அவர் கூடுதலான இழுப்பைத் தாங்கியதாலும் இருக்கலாம். இரண்டையும் பிரிக்க வேண்டுமானால் கோணத்தையும் விசையையும் சேர்த்து அளக்க வேண்டும்.

அதைத்தான் டென்மார்க்கின் கோபன்ஹேகனில் பீட்டர் மாக்னுசனும் அவருடைய குழுவினரும் செய்தார்கள். 1996இல் வெளிவந்த அந்த ஆய்வு சின்னதுதான். பங்கேற்றவர்கள் 7 பெண்கள். ஆனால் அமைப்பு கச்சிதமானது. பங்கேற்பவரை ஒரு நாற்காலியில் உட்காரவைத்துத் தொடையைச் சற்று உயர்த்திக் கட்டிவிடுவார்கள். ஓர் இயந்திரம் அவருடைய முழங்காலை மிக மெதுவாக, நொடிக்கு 5 டிகிரி வேகத்தில் நிமிர்த்தும். ஒவ்வொரு கோணத்திலும் தசை எவ்வளவு எதிர்த்து இழுக்கிறது என்பதை இயந்திரம் பதிவுசெய்யும். தசை தானாகச் சுருங்குகிறதா என்று பார்க்கத் தோலின்மீது மின்முனைகள் ஒட்டப்பட்டிருக்கும். இரண்டு விதமாக அளந்தார்கள். ஒன்றில் எல்லோருக்கும் முன்கூட்டியே முடிவுசெய்த கோணம் வரை மட்டும் நீட்டினார்கள். மற்றதில் அவர்களே வலி தொடங்குகிறது என்று சொல்லும்வரை நீட்டினார்கள்.

பிறகு 3 வாரம், தினமும் இரு வேளை, ஒரு காலுக்கு மட்டும் நீட்சிப் பயிற்சி. மறு கால் ஒப்பீட்டுக்காகச் சும்மா விடப்பட்டது. ஆள் அதே ஆள், சாப்பாடும் தூக்கமும் அதே. கால் மட்டும்தான் வேறு. எனக்கு இந்த ஆய்வில் மிகவும் பிடித்த அம்சம் இதுதான்.

முடிவில், பயிற்சி பெற்ற கால் முன்பைவிட அதிகக் கோணத்துக்குப் போனது. அதுவரை எதிர்பார்த்ததே. ஆனால் முன்பு அளந்த அதே கோணத்தில் தசையின் எதிர்ப்பைப் பார்த்தால், 3 வாரத்துக்கு முன் எவ்வளவோ அவ்வளவே இருந்தது. விறைப்பு குறையவில்லை. கூடுதல் கோணத்துக்குப் போகக் கூடுதல் விசை தேவைப்பட்டது. அந்தக் கூடுதல் இழுப்பை அவர்கள் இப்போது வலி என்று சொல்லவில்லை. ரப்பர் மாறவில்லை, எடை கூடியிருக்கிறது. இதற்கு இரண்டு ஆண்டு முன்பே, 1994இல், நெதர்லாந்தின் க்ரோனிங்கனில் ஹால்பெர்ட்ஸ்மாவும் கோகெனும் தொடைத் தசை குட்டையானவர்கள் என்று கருதப்பட்டவர்களை 4 வாரம் பயிற்சி செய்யவைத்து இதே முடிவுக்கு வந்திருந்தார்கள்.

நாள்பட்ட வலி உள்ளவர்களிடம் ஆஸ்திரேலியாவில் செய்து 2009இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் தெளிவான எண்களைத் தருகிறது. ஒரு காலுக்கு மட்டும் தினமும் 1 நிமிடம், 3 வாரம். அதன்பின் இரண்டு கால்களையும் ஒரே அளவு விசையால் தூக்கிப் பார்த்தால் இடுப்பு மடங்கும் கோணத்தில் வித்தியாசம் 1 டிகிரிதான், அதாவது ஒன்றுமில்லை என்றே சொல்லலாம். "உங்களால் தாங்க முடிகிறவரை" என்று சொல்லித் தூக்கினால் பயிற்சி பெற்ற கால் 8 டிகிரி கூடுதலாகப் போனது. ஒரே மனிதர், ஒரே நாள், அளக்கும் முறை மட்டும் வேறு.

இந்த மாதிரியான முடிவுகளை எல்லாம் தொகுத்து, வெப்ளரும் மாக்னுசனும் 2010இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். தசை நீளுகிறது என்ற விளக்கத்துக்குப் பதிலாக, உணர்வு மாறுகிறது என்ற விளக்கத்தை அவர்கள் முன்வைத்தார்கள். பிசியோதெரபி வகுப்புகளில் இன்றும் விவாதிக்கப்படுகிற கட்டுரை அது.

இங்கே ஒரு கேள்வி எழும். நீட்டிக்கொண்டே 1 நிமிடம் இருந்தால் இறுக்கம் தளர்வது நன்றாகவே தெரிகிறதே, அது என்ன? அது கற்பனை இல்லை. தசையும் அதைச் சுற்றியுள்ள இணைப்புத் திசுவும் ஒரே நீளத்தில் பிடித்து வைக்கப்பட்டால், அவற்றின் எதிர்ப்பு நொடிக்கு நொடி குறையும். ஒன்றரை நிமிடம் பிடித்திருந்தால் கணிசமாகவே குறைந்துவிடும். ஆனால் அது நிலைப்பதில்லை. மாக்னுசன் குழு அடுத்தடுத்து 5 முறை நீட்டி, 1 மணி நேரம் கழித்து மறுபடி அளந்தபோது தசை பழைய எதிர்ப்புக்கே திரும்பியிருந்தது. காலை வகுப்பில் கிடைத்த தளர்ச்சி மதியச் சாப்பாட்டுக்குள் போய்விடுகிறது என்று பலர் குறைப்பட்டுக்கொள்வது இதைத்தான். வாரக்கணக்கில் சேர்ந்து வரும் முன்னேற்றத்துக்கு இந்தத் தற்காலிகத் தளர்ச்சி காரணம் ஆகாது.

இன்னொரு விளக்கமும் நெடுநாளாகச் சொல்லப்பட்டு வருகிறது. தசைக்குள் நீளத்தை உணரும் உறுப்புகள் இருக்கின்றன. திடீரென்று இழுத்தால் அவை தண்டுவடத்துக்குச் செய்தி அனுப்பித் தசையைச் சுருங்கச் செய்யும். மருத்துவர் முழங்காலில் சுத்தியால் தட்டும்போது கால் துள்ளுவது அந்த அனிச்சைச் செயல். மெதுவாக நீட்டும்போதும் இதுதான் நம்மைத் தடுக்கிறது, பயிற்சியால் இந்த அனிச்சை அடங்கிவிடுகிறது என்று பல பயிற்சியாளர்கள் சொல்வார்கள். கேட்கப் பொருத்தமாக இருந்தாலும் அளவீடு இதை ஆதரிக்கவில்லை. மெதுவாக நீட்டும்போது ஆரோக்கியமானவர்களின் தசையில் மின்செயல்பாடு கிட்டத்தட்ட இல்லவே இல்லை. தசை எதிர்த்துச் சுருங்கவில்லை, அமைதியாகத்தான் கிடக்கிறது. பக்கவாதம், தண்டுவடக் காயம் போன்றவற்றில் தசை முறுக்கேறிப்போவது வேறு கதை. அங்கே அனிச்சைக்குப் பெரிய பங்கு உண்டு. மற்றவர்களை நிறுத்துவது உணர்வு. இழுப்பு, வலி, இதற்கு மேல் போனால் ஆபத்து என்ற மதிப்பீடு ஆகியவை மூளையில் சேர்ந்து, நம் வாயிலிருந்து "போதும்" என்று வருகின்றன.

இந்த மதிப்பீடு தசையோடு மட்டும் கட்டுப்பட்டதில்லை என்பதற்கும் சான்று இருக்கிறது. ஒரு காலை மட்டும் நீட்டிப் பயிற்சி செய்தபின் தொடாத மறு காலிலும் கோணம் சற்றுக் கூடுவதைச் சில ஆய்வுகள் கண்டன. தோள்பட்டையை நீட்டினால் இடுப்பின் அசைவு கொஞ்சம் கூடியதும் உண்டு. தொடாத தசை எப்படி நீளும்? நீளவில்லை. எவ்வளவுவரை பொறுக்கலாம் என்ற கணக்கை மொத்த உடம்புக்கும் சேர்த்து நரம்பு மண்டலம் கொஞ்சம் தளர்த்திக்கொள்கிறது என்பதே பொருத்தமான விளக்கம்.

சில சமயம் இழுபடுவது தசையே இல்லை, நரம்பு. இதை வீட்டிலேயே பார்க்கலாம். மேசையின் விளிம்பில் உட்கார்ந்து, முதுகைக் கூன்போட்டு, தாடையை நெஞ்சோடு சேர்த்துக்கொள்ளுங்கள். அப்படியே ஒரு காலை மெதுவாக நீட்டுங்கள். தொடையின் பின்பக்கம் இழுக்கும் இடத்தில் நிறுத்துங்கள். இப்போது வேறு எதையும் அசைக்காமல் தலையை மட்டும் நிமிர்த்துங்கள். பலருக்கு அந்த இழுப்பு சட்டென்று குறையும். காலை இன்னும் சிறிது நீட்டவும் முடியும். கழுத்துக்கும் தொடைக்கும் நடுவே ஓடும் தசை எதுவும் கிடையாது. ஆனால் மூளையிலிருந்து தண்டுவடம், அதிலிருந்து பிட்டம் வழியாகக் கால்வரை இறங்கும் சயாட்டிக் நரம்பு என ஒரு தொடர்ச்சி இருக்கிறது. தலை குனியும்போது அந்தத் தொடர்ச்சி மேலிருந்து இழுபடுகிறது. பாதத்தை முழங்காலை நோக்கி மடக்கினால் கீழிருந்து இழுபடும். கணுக்கால் எவ்வளவு மடங்குகிறது என்பது இடுப்பின் நிலையைப் பொறுத்து மாறுவதை ஆன்ட்ராடே என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 2016இல் காட்டினார்கள். இடுப்பையும் கணுக்காலையும் சேர்த்துக் கடக்கும் தசையும் இல்லை. அங்கேயும் நரம்புதான் எல்லை வகுக்கிறது.

இதற்கெல்லாம் அப்பால் எலும்பு இருக்கிறது. தொடை எலும்பின் பந்து இடுப்புக் கிண்ணத்துக்குள் எவ்வளவு ஆழத்தில் உட்கார்ந்திருக்கிறது, எலும்பின் கழுத்து எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பது ஆளுக்கு ஆள் வேறுபடும். பரதநாட்டியத்தில் அரைமண்டியில் முழங்கால்கள் பக்கவாட்டில் எவ்வளவு விரிகின்றன என்பதை இது பெருமளவு தீர்மானிக்கிறது. ஒரே வகுப்பில் ஒரே அளவு பழகும் இரண்டு குழந்தைகளில் ஒருத்திக்கு விரியும், மற்றவளுக்கு விரியாது. விரியாதவளைப் பிடித்து அழுத்தினால் முழங்காலையும் கணுக்காலையும் முறுக்கி அந்த அளவை எட்டிப்பார்ப்பாள். கெடுவது அந்த மூட்டுகள்.

அப்படியானால் தசை நீளவே நீளாதா? நீளும். ஆனால் எதற்கு நீளும் என்பதுதான் கவனிக்க வேண்டியது. தசை நார் ஒன்றை நுண்ணோக்கியில் பார்த்தால், சார்கோமியர் என்னும் நுண்ணிய அலகுகள் வரிசையாகக் கோத்திருப்பது தெரியும். ஒவ்வொன்றும் சுமார் 2.5 மைக்ரோமீட்டர், 1 மில்லிமீட்டரில் ஏறத்தாழ 400 அடங்கிவிடும். ஒவ்வொரு அலகுக்குள்ளும் டைட்டின் என்ற பெரிய புரதம் சுருள்கம்பியாக வேலை செய்கிறது. தசையை நீட்டும்போது நமக்கு எதிர்ப்பாகத் தெரிவதில் ஒரு பங்கு இதனுடையது. தசை உண்மையில் நீளமாவது என்றால், இந்த வரிசையில் புதிய அலகுகள் சேர்வது.

1972இல் பிரான்ஸில் டபாரியும் அவருடைய குழுவினரும் பூனையின் கெண்டைக்காலில் உள்ள ஒரு தசையைக் கட்டுப்போட்டு அசையாமல் வைத்தார்கள். நீட்டிய நிலையில் 4 வாரம் வைத்தபோது அலகுகளின் எண்ணிக்கை சுமார் 20 விழுக்காடு கூடியது. சுருங்கிய நிலையில் வைத்தபோது சுமார் 40 விழுக்காடு குறைந்தது. கட்டைப் பிரித்துவிட்டால் சில வாரங்களில் பழைய நிலைக்குத் திரும்பியது. தசை தன் நீளத்தை மாற்றிக்கொள்ளக் கூடியது என்பதற்கு இது வலுவான சான்று. ஆனால் அந்தத் தசை பகலும் இரவும் வாரக்கணக்கில் அதே நீளத்தில் பிடித்து வைக்கப்பட்டிருந்தது. காலையில் 1 நிமிடம் குனிந்து நிற்பது அதற்கு ஈடாகாது. கையோ காலோ உடைந்து மாவுக்கட்டுப் போட்டவர்களுக்குக் கட்டைப் பிரித்தபின் மூட்டு மடங்காமல் போவதும், படுத்த படுக்கையாக இருப்பவர்களின் பாதம் கீழ்நோக்கி மடங்கியே நின்றுவிடுவதும் இதே மாற்றத்தின் மறுபக்கம். அங்கே தசை உண்மையிலேயே குட்டையாகிறது.

அப்படிக் குட்டையாகிவிட்ட மூட்டுகளைத் தினசரி நீட்சியால் சரிசெய்ய முடியுமா என்று லிசா ஹார்வியும் சக ஆய்வாளர்களும் பல ஆய்வுகளைத் தொகுத்து 2010இலும் 2017இலும் காக்ரேன் மதிப்பாய்வாக வெளியிட்டார்கள். பக்கவாதம் போன்ற நரம்பு நோய் உள்ளவர்களுக்கு, 7 மாதத்துக்குள்ளான காலத்தில், நீட்சியால் மூட்டு அசைவில் பொருட்படுத்தத்தக்க பலன் இல்லை என்பது அவர்களின் முடிவு. கேட்கக் கசப்பான முடிவு. வீட்டில் நோயாளியின் கையைத் தினமும் நீட்டிவிடும் உறவினர்களுக்கு அது எதையும் செய்யவில்லை என்று சொல்வதற்கு யாருக்கும் மனம் வராது. ஆனாலும் இருக்கும் நேரத்தையும் பலத்தையும் எழுந்து உட்காரவும், கையால் ஏதாவது ஒரு வேலையைச் செய்து பழகவும் செலவிடுவது மேல் என்ற யோசனை அந்த முடிவிலிருந்துதான் வருகிறது.

உணர்வு மாறுகிறது என்ற விளக்கத்துக்கும் எல்லை உண்டு. பெரும்பாலான ஆய்வுகள் 3 முதல் 8 வாரம் வரைதான் நடந்தவை. அவற்றைத் தொகுத்து 2018இல் வெளிவந்த ஒரு மதிப்பாய்வு, அந்தக் கால அளவில் மாற்றம் பெரும்பாலும் சகிப்பில்தான் என்று சொன்னது. ஆனால் நீண்ட காலப் பயிற்சியில் தசையின் விறைப்பும் ஓரளவு குறைகிறது என்று 2023இல் வந்த ஒரு தொகுப்பாய்வு காட்டுகிறது. கெண்டைக்கால் தசையைத் தினமும் 1 மணி நேரம் கருவி வைத்து 6 வாரம் நீட்டிப் பார்த்த ஜெர்மன் ஆய்வுகளில் தசையின் பலமும் தடிமனும்கூடக் கூடின. ஆகவே இரண்டு விளக்கங்களும் மோதிக்கொள்ளத் தேவையில்லை. முதல் சில வாரங்களில் கிடைப்பது சகிப்பு. திசு மாற வேண்டுமானால் அளவும் காலமும் சுமையும் பல மடங்கு வேண்டும்.

இனி ஒருவரை எடுத்துக்கொண்டு இதைப் பொருத்திப் பார்ப்போம். 45 வயது, அலுவலக வேலை, எந்தக் காயமும் நோயும் இல்லை. மல்லாந்து படுத்தால் கால் 60 டிகிரியில் நின்றுவிடுகிறது. எது நிறுத்துகிறது?

வீட்டில் ஒருவர் அவருடைய காலை மெதுவாகத் தூக்கட்டும். நிற்கும் இடத்தில் பாதத்தை முகத்தை நோக்கி மடக்கியவுடன் இழுப்பு கூர்மையாகி, முழங்காலுக்குப் பின்னாலோ கெண்டைக்காலிலோ ஓடினால் நரம்பின் பங்கு பெரிது. இடுப்பின் முன்பக்கத்தில், தொடை மடிப்பில், கிள்ளுவது போலவோ முட்டுவது போலவோ இருந்தால் மூட்டுக்குள் இடம் இல்லை என்று பொருள். அங்கே தொடைப் பின்தசையை நீட்டிப் பயன் இல்லை. இரண்டும் இல்லாமல், தொடையின் நடுப் பகுதியில் படிப்படியாக ஏறும் இழுப்பு என்றால் இன்னொரு சோதனை செய்யலாம். கால் நிற்கும் இடத்திலேயே குதிகாலால் உதவியாளரின் கையைக் கீழ்நோக்கி 6 முதல் 10 நொடி மிதமாக அழுத்தச் சொல்லுங்கள். பிறகு தளர்த்தி, மறுபடி மெதுவாகத் தூக்குங்கள். பலருக்கு உடனே சில டிகிரி கூடும். 10 நொடியில் எந்தத் தசையிலும் புதிய அலகு முளைக்காது. 60 டிகிரியில் நின்றது தசையின் நீளம் தீர்ந்ததால் இல்லை என்பது அந்த ஒரு முயற்சியிலேயே தெரிந்துவிடும். இந்த முறை பயிற்சிக்கூடங்களில் பரவலாகப் பழக்கத்தில் இருக்கிறது. அழுத்தியபின் தசை அனிச்சையாகத் தளர்ந்துவிடுகிறது என்று அதற்குக் காரணம் சொல்வார்கள். அந்த அனிச்சையின் விளைவு சில நொடிகளே நீடிக்கும். சகிப்பு கூடுகிறது என்பதே அளவீடுகளோடு ஒத்துப்போகிறது.

இவருக்குத் தேவை எல்லையைத் தள்ளி வைக்க நரம்பு மண்டலத்துக்குக் காரணம் கொடுப்பது. ஒரு தடவைக்கு 30 நொடி, 4 தடவை, வாரத்தில் 3 நாள் என்றால் வாரத்துக்கு 6 நிமிடம் ஆகிறது. ஒரு தசைக்கு வாரத்தில் மொத்தம் 5 முதல் 10 நிமிடம் வரை போதும், அதற்கு மேல் நீட்டினால் கூடுதல் பலன் அதிகமில்லை என்று தொகுப்பாய்வுகள் சொல்கின்றன. எவ்வளவு வலிக்க நீட்டினோம் என்பதற்கும் பலனுக்கும் பெரிய தொடர்பு இல்லை. இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் பல்லைக் கடித்துக்கொண்டு செய்தால்தான் பயிற்சி என்ற எண்ணம் நம்மிடையே ஆழமாக இருக்கிறது. இழுப்பு நன்றாகத் தெரியவேண்டும். மூச்சு இயல்பாக ஓடவேண்டும். முகம் சுளித்தாலோ மூச்சை அடக்கினாலோ அளவு மீறிவிட்டது. ஒவ்வொரு முறையும் வலியில் முடிகிற பயிற்சி, அந்த இடம் ஆபத்தானது என்ற மதிப்பீட்டைத்தான் உறுதிப்படுத்தும்.

நீட்சியோடு சுமையையும் சேர்ப்பது நல்லது. இரு கைகளிலும் டம்பெல் அல்லது தண்ணீர் நிரப்பிய குடங்களைப் பிடித்துக்கொண்டு, முழங்காலைச் சற்றே தளர்த்தி, முதுகை நேராக வைத்து, இடுப்பைப் பின்னால் தள்ளியபடி 3 நொடி எண்ணிக் குனிந்து நிமிரலாம். இப்படி 8 முறை, 3 சுற்று. இழுபட்ட நிலையிலேயே தசை எடை தாங்கிப் பழகுகிறது. மூட்டு அசைவைக் கூட்டுவதில், முழு வீச்சில் செய்யும் பலப் பயிற்சிக்கும் நீட்சிப் பயிற்சிக்கும் வித்தியாசம் இல்லை என்று 2021இல் வந்த ஒரு தொகுப்பாய்வு கண்டது. எனக்குப் பலப் பயிற்சியின் பக்கமே சாய்வு அதிகம். எட்டுகிற இடத்தில் பலமும் இருக்க வேண்டும் என்பதே காரணம்.

நரம்பு மண்டலம் வைக்கும் எல்லைக்குக் காரணம் உண்டு. அது திசு கிழிவதற்கு முன்பே, நல்ல இடைவெளி விட்டு, நம்மை நிறுத்துகிறது. பயிற்சியால் அந்த இடைவெளியைக் கொஞ்சம் பயன்படுத்திக்கொள்கிறோம். வெளியிலிருந்து ஒருவர் அழுத்தும்போது அந்த இடைவெளி எவ்வளவு மிச்சம் என்பது அழுத்துபவருக்குத் தெரியாது. பஸ்சிமோத்தாசனத்தில் உட்கார்ந்திருப்பவரின் முதுகில் ஏறி அழுத்தும் பழக்கம் சில வகுப்புகளில் இன்னும் இருக்கிறது. அழுத்தினால் தலை முழங்காலைத் தொட்டுவிடலாம். அன்றைக்கு வலி பெரிதாகத் தெரியாமலும் போகலாம். பிறகு பிட்டத்துக்குள், உட்காரும் எலும்பின்மேல், ஒரு புள்ளியில் ஆழமான வலி தொடங்கி, உட்கார்ந்தாலும் குனிந்தாலும் கூடினால், அங்கே ஒட்டியிருக்கும் தசைநாண் சேதப்பட்டிருக்க வாய்ப்பு உண்டு. அதை மேலும் நீட்டினால் வளரும்; நீட்சியை நிறுத்திவிட்டுப் படிப்படியாகச் சுமை ஏற்றித்தான் சரிசெய்ய வேண்டும். ஆற மாதக்கணக்கில் ஆகும்.

பிறவியிலேயே மூட்டுகள் மிகையாக வளைபவர்கள் இன்னொரு வகை. கட்டைவிரலை மணிக்கட்டின் உட்பக்கத்தோடு சேர்க்க முடியும், முழங்கை நேர்க்கோட்டைத் தாண்டிப் பின்னால் வளையும், பழகாமலேயே உள்ளங்கை முழுவதும் தரையில் படும். இவர்களிலும் பலர் "உடம்பு எப்பவும் இறுக்கமா இருக்கு" என்று சொல்லித்தான் நீட்சி வகுப்புக்கு வருகிறார்கள். கோணத்தை அளந்தால் எந்த இறுக்கமும் தெரியாது. இறுக்கம் என்ற உணர்வும் மூட்டின் அளவும் ஒன்றில்லை என்பதற்கு இவர்களே சாட்சி. இவர்களுக்கு நீட்சி கூடுதல் தளர்ச்சியைத்தான் தரும், பலப் பயிற்சி அந்த இறுக்க உணர்வையே குறைப்பதுண்டு.

நீட்டும்போது காலில் மரமரப்பு, எறும்பு ஊர்வது போன்ற உணர்வு, மின்சாரம் பாய்வது போன்ற வலி வந்தால் அங்கே நிறுத்திவிட வேண்டும். அதோடு பாதம் தூக்க முடியாமல் தொய்ந்தாலோ, சிறுநீர் கழிப்பதில் மாற்றம் தெரிந்தாலோ, அடிவயிற்றுக்குக் கீழே தொடு உணர்வு குறைந்தாலோ, பயிற்சியாளரிடம் கேட்டுக்கொண்டிருக்காமல் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அது தசையின் நீளத்தையோ சகிப்பையோ பற்றியது இல்லை; முதுகுத்தண்டில் நரம்பு வேர்கள் நசுங்கியிருக்கலாம், அதில் மணிக்கணக்குகூட முக்கியம்.